ஏஜிஎம் மினிட்ஸில் "ஏகமனதாக" என்று எழுதலாமா?

மன்னார்குடி_கணக்கர்:
எங்களுடையது பழைய அரிசி ஆலை கம்பெனி. லிஸ்ட் ஆகாத பப்ளிக் லிமிடெட், உறுப்பினர் 1,100 பேர். பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். உறுப்பினர் ஆயிரத்துக்கு மேல் என்பதால் இ-வோட்டிங் கட்டாயம். செப்டம்பர் 26 ஏஜிஎம்முக்கு நேரில் 17 பேரும் ப்ராக்ஸியாக 6 பேரும் வந்தார்கள். சிறப்புத் தீர்மானத்துக்குச் சேர்மன் கை தூக்கச் சொன்னார், அத்தனை பேரும் தூக்கினார்கள். அப்புறம் ஓட்டுகளைச் சரிபார்க்கும் ஸ்குரூட்டினைசர் சொன்னதால் சீட்டும் போட்டோம். "23 உறுப்பினர்கள் வருகை, ஏகமனதாக நிறைவேறியது" என்று மினிட்ஸ் டிராஃப்ட் போட்டிருக்கிறேன். சரியா?

ராஜவீதி72:
சரிதான். ப்ராக்ஸி என்றால் உறுப்பினரே வந்த மாதிரி, அதற்குத்தானே ஃபாரம். ஹாலில் ஒருத்தரும் எதிர்க்கவில்லை என்றால் ஏகமனதுதான். இ-வோட்டைத் தனி இணைப்பாக வைத்துவிடுங்கள். ரிப்போர்ட் 28ஆம் தேதி வந்திருந்தால் தீர்மானத் தேதியும் 28.

குடந்தை_சிஎஸ்:
ராஜவீதி சார், மூன்றும் தப்பு. கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரத்துக்கு நேரில் வந்த உறுப்பினரைத்தான் எண்ணுவார்கள், ப்ராக்ஸி சேராது. ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் வரை உறுப்பினர் இருந்தால் 15 பேர் வேண்டும், 17 வந்ததால் பிழைத்தீர்கள். இதே 13 பேரும் 10 ப்ராக்ஸியும் வந்திருந்து 23 என்று எழுதியிருந்தால் அந்த ஒற்றை வரியே கூட்டத்தைக் கேள்விக்குள்ளாக்கிவிடும். "நேரில் 17 பேர், ப்ராக்ஸி மூலம் இத்தனை பேர், அவர்கள் சார்பில் இத்தனை பங்கு" என்று பிரித்து எழுதுங்கள்.

தேதியும் 26தான். தேவையான ஓட்டு விழுந்திருந்தால் ரிப்போர்ட் எப்போது வந்தாலும் கூட்டம் நடந்த அன்றே நிறைவேறியதாகக் கணக்கு. இ-வோட்டிங் கட்டாயமான கூட்டத்தில் கை தூக்கியதற்கு மதிப்பே கிடையாது, அதை மினிட்ஸில் எழுதாமல் விடுவதே நல்லது. ஸ்குரூட்டினைசர் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது?

மன்னார்குடி_கணக்கர்:
ஹால் சீட்டில் ஆதரவு 19,200 பங்கு, எதிர்ப்பு இல்லை. இ-வோட்டில் ஆதரவு 21,000, எதிர்ப்பு 9,000. இதெல்லாம் நான் கூட்டிய கணக்கு. ரிப்போர்ட்டில் ஹால் கணக்கு 18,000 என்று இருக்கிறது, 1,200 எங்கே போனது என்றே தெரியவில்லை.

திருவையாறு_விவசாயி:
எங்கள் பாசன சங்கத்தில் போன வருடம் அண்ணனுக்குப் பதிலாக நான் போனேன், உட்கார விட்டார்கள், ஓட்டுப் போட விடவில்லை. இவர்களுக்கு மட்டும் எப்படி?

குடந்தை_சிஎஸ்:
ஐயா, சங்கத்துக்கு அதன் பைலாதான். இங்கே பேசுவது கம்பெனிச் சட்டம்.

கணக்கர், அந்த ஆறு ப்ராக்ஸியில் யாருக்காவது 1,200 பங்கு இருக்கிறதா? அந்த ஃபோலியோவை இ-வோட்டிங் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மன்னார்குடி_கணக்கர்:
கிடைத்துவிட்டது! சிங்கப்பூர்க்காரர் ஒருவர் 24ஆம் தேதியே இ-வோட்டில் எதிர்த்துப் போட்டிருக்கிறார். ஆனால் அதற்கு முன்பே மச்சானுக்கு ப்ராக்ஸி ஃபாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாராம். மச்சான் வந்து ஆதரவாகச் சீட்டுப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் பென்சிலால் ஒரு டிக் அடித்து உள்ளே விட்டது நான்தான்.

குடந்தை_சிஎஸ்:
அதேதான். இ-வோட்டில் போட்டவர் கூட்டத்துக்கு வரலாம், மறுபடி ஓட்டுப் போட முடியாது. அவருடைய ப்ராக்ஸிக்கும் அதே கதி. இ-வோட்டு நிற்கும், சீட்டு கழியும். ஆக ஆதரவு 39,000, எதிர்ப்பு 9,000. சிறப்புத் தீர்மானத்துக்கு எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு ஆதரவு வேண்டும், அது 27,000. அதைத் தாண்டிவிட்டதால் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் ஏகமனது இல்லை, "தேவையான பெரும்பான்மையுடன்" என்று போடுங்கள். இ-வோட்டு, ஹால் ஓட்டு இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, ரிப்போர்ட் சுருக்கத்தையும் மினிட்ஸுக்குள்ளேயே எழுதுங்கள். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏறிச் சேர்மன் கையெழுத்தும் விழ வேண்டும்.

ராஜவீதி72:
சரி, தேதியில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ப்ராக்ஸி எண்ணிக்கையை எழுத வேண்டும் என்றுதானே நானும் சொன்னேன். இது போஸ்டல் பேலட்டாக இருந்திருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது.

குடந்தை_சிஎஸ்:
அது உண்மை. முழுக்கப் போஸ்டல் பேலட்டில் போனால் கூட்டமே கிடையாது, கோரம் ப்ராக்ஸி எதுவும் வராது. ஆனால் ஏஜிஎம்மின் வழக்கமான விஷயங்களை அப்படி முடிக்க முடியாதே.

மன்னார்குடி_கணக்கர்:
கழித்த அந்த 1,200ஐ மினிட்ஸில் சொல்ல வேண்டுமா? சேர்மன் வேண்டாம் என்கிறார். மச்சான் பேர் வந்தால் குடும்பத்தில் சண்டையாம்.

குடந்தை_சிஎஸ்:
பேர் வேண்டாம். "இ-வோட்டில் ஏற்கெனவே வாக்களித்ததால் 1,200 பங்குகளுக்கான சீட்டு கணக்கில் எடுக்கப்படவில்லை" என்ற ஒரு வரியை நானாக இருந்தால் எழுதுவேன்.

ராஜவீதி72:
நான் எழுத மாட்டேன். செல்லாத ஓட்டு ஸ்குரூட்டினைசர் ரிப்போர்ட்டில் இருக்கிறதே, போதும். மினிட்ஸில் போட்டால் நாளைக்கு ஒருத்தர் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்.

குடந்தை_சிஎஸ்:
வரட்டுமே. பங்கு எண்ணிக்கை ஏன் இடிக்கிறது என்று கேட்டு வருகிறவருக்கு அந்த வரிதான் பதில்.

மன்னார்குடி_கணக்கர்:
இரண்டு மாதிரியும் டைப் செய்து சேர்மன் மேசையில் வைத்திருக்கிறேன். பென்சில் டிக்கை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.

குடந்தை_சிஎஸ்:
அழிக்காதீர்கள்! பக்கத்தில் காரணம் எழுதித் தேதியோடு சுருக்கொப்பம் போடுங்கள்.