புதுப்பிப்பு: பி-ட்ரீயில் வேர் பிளக்கும் படம்

"இலை பிளக்கிறது புரியுது. வேரும் நிரம்பியிருந்தா பிள்ளைகள் யாரிடம் போகும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சரி, இதோ படம். பி-ட்ரீ என்பது எண்களை வரிசையாக வைக்கும் மர அமைப்பு. அதில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணு, உச்சியில் இருப்பது வேர், அடியில் இருப்பவை இலைகள், ஒரு கணுவுக்கு நேர்கீழே இருப்பவை அதன் பிள்ளைகள். ஒரு கணுவில் இரண்டு எண்தான் கொள்ளும், 70-ஐ நுழைக்கிறோம்.

```
     [20 40]
[10]  [30]  [50 60]

     [20 40 60]
[10] [30] [50] [70]

          [40]
    [20]        [60]
[10]  [30]  [50]  [70]
```

இலை 50, 60, 70 என்று வழிந்ததும் நடுவிலுள்ள 60 மேலே போகிறது. அங்கேயும் மூன்றாகிவிடுவதால் 40 இன்னும் மேலேறிப் புது வேராகிறது. பிள்ளைகளில் இடப்பக்க இரண்டு 20-க்கு, மற்ற இரண்டு 60-க்கு. மரம் உயர்வது வேரில் மட்டும்தான். அதனால்தான் இலைகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

"60 இலையிலும் இருக்கணுமே" என்றார் அஸ்தம்பட்டி தம்பி. அது பி பிளஸ் ட்ரீ என்ற இன்னொரு வகையில். இங்கே எண் இடம் மாறுகிறது, நகல் விடுவதில்லை.

ஏற்காடு அண்ணன் காபி மூட்டை எண்களை ஏறுவரிசையில் போடுகிறாராம். புது எண்கள் எல்லாம் வலப்பக்கமே போவதால், பிளந்த இடப்பக்கக் கணுக்கள் பாதி காலியாகவே கிடக்கின்றன. வலக்கோடியில் மட்டும் சரிபாதியாகப் பிளக்காமல் விடலாமா என்று இன்னும் பேச்சு ஓடுகிறது.