தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறது: பள்ளியில் சீண்டப்படும் பிள்ளைகள், உங்கள் அனுபவம்?

வீரவநல்லூர் பக்கத்து அம்மா

என் மகன் ஏழாவது படிக்கிறான், டவுன் பஸ்ஸில் போய் வருகிறான். கொஞ்ச நாளாகவே சாயங்காலம் வந்ததும் பையைக் கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடுவான். காலையில் கொடுத்துவிட்ட தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வரும். அப்புறம் ஒருநாள் ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதான். அம்பாசமுத்திரத்தில் டாக்டரிடம் காட்டினோம். சோதனையில் கிருமி இருந்தது. மருந்து எழுதிய டாக்டர், "பள்ளிக்கூடத்துல எப்பப்பா போவ?" என்று அவனிடம் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். இந்த வயதுப் பையன்களுக்கு இது அவ்வளவாக வராது, அடக்கி வைக்கிறான், ஏன் என்று பாருங்கள் என்றார் என்னிடம்.

என்னிடம் அவன் வாயைத் திறக்கவில்லை. என் தம்பி அவனை பைக்கில் ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிப் போனபோது, பின்னால் உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கிறான்: "மாமா, இன்ட்ரவல்ல கதவ வெளிய புடிச்சிக்கிடுதாங்க. தண்ணிய டவுசர்ல ஊத்திட்டு, இவன் ஒண்ணுக்கு இருந்துட்டான்னு கத்துதாங்க." ஒன்பதாவது படிக்கிற மூன்று பையன்கள். அதனால்தான் தண்ணீரே குடிப்பதில்லை. "அம்மாட்ட சொல்லிராதிய மாமா, அம்மா வந்து சத்தம் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றும் சொல்லியிருக்கிறான்.

தம்பி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம் என்று நிற்கிறான். எனக்குத் தெரியும் என்பதே என் மகனுக்குத் தெரியாது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை அப்பா

திருப்பி ஒரு அடி கொடுக்கச் சொல்லுங்கள், அதோடு நிற்கும். என் மகனும் இப்படித்தான் பயந்து கிடந்தான். சிலம்பம் வகுப்பில் சேர்த்தேன், ஆளே மாறிவிட்டான். அங்கே சேர்ந்த பையன்களோடு ஒன்றாகப் போய் வருவான், யாரும் கிட்டே வருவதில்லை. புகார், கடிதம் என்று போனால் பிள்ளைக்குப் பயம்தான் கூடும்.

சங்கரன்கோவில் அக்கா

என் மகளும் பள்ளியில் பாத்ரூம் போகவே மாட்டாள். நாற்றமும், தாழ்ப்பாள் இல்லாததும்தான் காரணம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் சில அம்மாக்கள் சேர்ந்து பேசினோம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள், தண்ணீர்த் தொட்டியும் வந்தது. இப்போது போகிறாள். நீங்களும் முதலில் அதைப் பாருங்கள், பையன் சொல்வதற்கு அசுத்தம்கூடக் காரணமாக இருக்கலாம்.

சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, தம்பியை நாலு பேரோடு அனுப்ப வேண்டாம். அவர்கள் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததுமே யார் வீட்டு ஆட்கள் என்று மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். பையன் எதற்குப் பயந்து மறைத்தானோ அதையே நாம் செய்ததாக ஆகும்.

முதல் வேலை, தம்பியே அவனிடம் பேசுவது. "அம்மாட்ட நான் சொல்லத்தான் வேணும்ல. ஆனா ஒன்ட்ட சொல்லாம யாரும் பள்ளிக்கூடம் போகமாட்டோம்" என்று சொல்லட்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அது காப்பாற்ற முடியாத வாக்கு. உடைந்தால் மாமாவிடமும் அவன் பேச மாட்டான்.

அப்புறம் நீங்கள் பேசும்போது "ஏன் முன்னாடியே சொல்லல" என்ற கேள்வி வேண்டாம். யார் என்றும் முதலில் கேட்காதீர்கள். எந்த மணிக்கு, எந்தப் பக்கத்துக் கதவு, அப்போது கிட்டத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். இடத்தைச் சொல்லும்போது பெயர்கள் தானாக வரும். அவன் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பள்ளிக்கு நீங்கள் ஒருவர் மட்டும், பிள்ளைகள் கிளம்பிய பிறகு போங்கள். தலைமை ஆசிரியரையும் வகுப்பு ஆசிரியரையும் சேர்த்துப் பார்த்துக் கடிதமாகக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த மூன்று பேரையும் தனித்தனியாக, யார் சொன்னது என்று வெளிவிடாமல் விசாரிக்கச் சொல்லுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகொடுக்க வைப்பார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் முன் சிரித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் இரட்டிப்பாக அடி கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்ட்ரவலில் கழிப்பறைப் பக்கம் எந்த ஆசிரியர் நிற்பார் என்று பெயரோடு கேளுங்கள். டாக்டர் சீட்டைக் காட்டினால் பாட வேளையில் போய்வர அனுமதி கிடைக்கும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

சிலம்பம் நல்லதுதான் ஐயா, அங்கே கிடைத்த கூட்டாளிகளால் உங்கள் மகன் தேறியிருப்பான். ஆனால் மூன்று பெரிய பையன்களிடம் கை ஓங்கச் சொன்னால் நாளைக்கு "ரெண்டு பக்கமும் தப்பு" என்று முடித்துவிடுவார்கள். சங்கரன்கோவில் அம்மா, பையன் தெளிவாகச் சொல்லிவிட்டான், இது அசுத்தம் இல்லை. ஆனாலும் உள்தாழ்ப்பாள் எல்லாப் பள்ளியிலும் கேட்க வேண்டியதே.

நாங்குநேரிப் பக்கத்து அண்ணன்

கடிதம் கொடுப்பது பற்றி எனக்குப் பயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சீண்டல் தாங்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்த பையன் கடைசியில் சொன்னான், பள்ளியில் புகார் ஆனது, அன்று ராத்திரியே சக மாணவர்கள் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சாதி வெறி அது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது, சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அம்மா, உங்கள் மகனிடம் கயிறு, தெரு என்று ஏதாவது பேச்சு இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அண்ணன் சொல்வது சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். பட்டியல் சாதிப் பிள்ளை என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், பள்ளிக்குள் சமாதானம் பேசி முடிக்க விடாதீர்கள், காவல் நிலையத்துக்கும் போங்கள். எந்த வகைச் சீண்டலானாலும், அந்தப் பையன்களின் பெற்றோரை எந்த நாள் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அன்று சாயங்காலம் பிள்ளை யாரோடு வருவான், எங்கே இருப்பான் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பள்ளி இழுத்தடித்தால் கல்வித் துறை உதவி எண் 14417, பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

வீரவநல்லூர் பக்கத்து அம்மா

கயிறுப் பேச்சு இல்லை, கேட்டுவிட்டேன். தம்பி முதலில் பேசினான், ரெண்டு நாள் என் மகன் முகம் கொடுக்கவில்லை. பிறகு நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே பதினொரு மணி இன்ட்ரவல் பெல்லிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். கடிதம் கொடுத்தாயிற்று. தலைமை ஆசிரியர் முதலில் "பையன்க விளையாட்டு" என்றார், டாக்டர் சீட்டைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். இப்போது உடற்கல்வி ஆசிரியர் இன்ட்ரவலில் அங்கே நிற்கிறார். பாட்டில் பாதியாவது காலியாகி வருகிறது.

சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நல்லது. ஆனால் முதல் வாரம் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து அந்த ஆசிரியர் நிற்பது தளரும்போது மறுபடி பாருங்கள். தினமும் கேட்க வேண்டாம், பாட்டிலைப் பார்த்தாலே போதும்.

வீரவநல்லூர் பக்கத்து அம்மா

பார்க்கிறேன் சார். ஒன்று மட்டும் தீரவில்லை. அந்த மூவரில் ஒருவன் இதே பஸ்ஸில்தான் வருகிறான். வீட்டில் அத்தை, பள்ளியை மாற்று என்கிறார்கள். இவனோ மாறமாட்டேன் என்கிறான், இங்கேதான் அவனுக்கு ஒரு நல்ல கூட்டாளி இருக்கிறான். இப்போதைக்கு அந்தக் கூட்டாளியோடு அடுத்த பஸ்ஸில் வருகிறான், இருட்டிவிடுகிறது. பஸ்ஸில் யார் பொறுப்பு, கண்டக்டரிடம் சொல்லி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?