நாளை காலை செல் உயிரியல் தேர்வு, கையில் ஒரு மாலைதான்: எதிலிருந்து தொடங்குவது?

பாலக்கோடு மாணவி
தருமபுரியில் பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு. காலை 10 மணிக்குத் தேர்வு, அதற்கு முன் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் இரவு 11-க்கு மேல் உட்கார முடியாது. இப்போது மணி 5. நுண்ணுறுப்புகள், சவ்வு வழிக் கடத்தல், செல் பகுப்பு மூன்றும் உண்டு. எப்போதும் முதல் பக்கத்தில் தொடங்கி, மைட்டோகாண்ட்ரியா படம் வரைந்து முடிப்பதற்குள் பாதி இரவு போய்விடுகிறது. போன உள்தேர்வில் “வெங்காயத்தில் 2n = 16; மைட்டாசிஸ் அனாஃபேஸில் ஒரு செல்லில் எத்தனை குரோமோசோம்?” என்று கேட்டார்கள். 16 என்று எழுதினேன், தப்பாம். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

ஓசூர்க்காரன்
16 சரிதானே? மைட்டாசிஸில் எண்ணிக்கை மாறாது. மறுமதிப்பீடு கேளுங்கள். படிக்க வேண்டிய வரிசை, புத்தக வரிசையேதான்.

அரூர் ஆசிரியர் (ஓய்வு)
தம்பி சொல்வதில் பாதி சரி. சேய்ச் செல்லுக்கு 16தான். ஆனால் கேள்வி அனாஃபேஸைப் பற்றியது. குரோமோசோமை எண்ணுவது என்றால் சென்ட்ரோமியரை எண்ணுவது, அவ்வளவுதான். டிஎன்ஏ இரட்டித்த பிறகும் சென்ட்ரோமியர் கட்டிப்போட்ட 16 குரோமோசோம்களே இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட், ஆக 32 குரோமாட்டிட். அனாஃபேஸில் அந்தக் கட்டு பிரிந்ததும் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் ஆகிறது. செல் இன்னும் இரண்டாகவில்லை, ஆகவே அந்த நிமிடம் ஒரே செல்லில் 32. துருவத்துக்கு 16.

வரிசையை மாற்று, அம்மா. வரைந்தால்தான் பகுப்பு வரும், தூக்கக் கண்ணோடு வரையவும் முடியாது. 7 மணி வரை அதற்கே கொடு. 16-ஐ வரையாதே, இரண்டு ஜோடி போதும், தாய்வழி சிவப்பு மை, தந்தைவழி நீலம். முதலில் மைட்டாசிஸ், அப்புறம் மியாசிஸ். ஒவ்வொரு படத்தின் கீழும் சென்ட்ரோமியர் எத்தனை, குரோமாட்டிட் எத்தனை என்று இரண்டே எண். சாப்பிட்டுவிட்டுக் கடத்தல், முக்கால் மணி நேரம். நுண்ணுறுப்பு கடைசியில், புத்தகத்தை மூடிவைத்து.

கிருஷ்ணகிரி அக்கா
கடத்தல் என்றதும் எங்கள் வீட்டு மாங்காய்தான் ஞாபகம் வந்தது. ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. வெயிலில் வைத்ததால் என்று மாமியார் சொல்கிறார். எவ்வளவு உப்புப் போட்டால் தண்ணீர் விடாமல் இருக்கும்?

ஓசூர்க்காரன்
அக்கா, இது ஊறுகாய்க் கேள்வி இல்லை 😄 ஆனால் அதுதான் சவ்வூடு பரவல். உப்பில் செல் சுருங்கிவிடும்.

அரூர் ஆசிரியர் (ஓய்வு)
உப்புக் கூடக் கூடத் தண்ணீர் அதிகம்தான் வரும், அம்மா.

“செல் சுருங்கும்” என்று நாளைக்கு எழுதினால் மதிப்பெண் குறையும். தாவரச் செல்லுக்குச் சுவர் இருக்கிறது, அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் புரோட்டோபிளாசம்தான் சுவரை விட்டு விலகும். ரியோ இலையின் ஊதாத் தோலை உப்புக் கரைசலில் பார்த்திருப்பாயே, நிறம் நடுவில் திரளும். பிறகு நல்ல தண்ணீர் விட்டால் நிறம் மீண்டும் பரவ வேண்டும். பரவவில்லை என்றால் சவ்வு செத்துவிட்டது. ஜாடியில் நாள்பட்ட மாங்காயும் அப்படித்தான், அதைச் சவ்வூடு பரவலுக்கு முழு உதாரணமாக எழுதாதே.

நுண்ணுறுப்புக்கு ஒரே கதை போதும்: கணையச் செல்லில் ஒரு செரிமான நொதி எங்கே பிறந்து எப்படி வெளியே போகிறது? சொரசொரப்பான எண்டோபிளாச வலை மேல் இருக்கும் ரிபோசோம், வலையின் உள்ளே, கோல்கை, பை, கடைசியில் சவ்வோடு சேர்ந்து வெளியேற்றம். இந்த வழியைக் கண்டவர்களில் ஒருவரான பலாடேக்கு 1974-இல் நோபல் கொடுத்தார்கள். இந்த வழியில் வராத மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் இரண்டையும் தனியாகப் பார்த்துக்கொள்.

பாலக்கோடு மாணவி
சார், மணி 7:20. மைட்டாசிஸ் சரியாக வந்தது. மியாசிஸ் முதல் அனாஃபேஸில் வெங்காயத்துக்கு 32 என்று போட்டிருக்கிறேன். தோழி 16 என்கிறாள்.

அரூர் ஆசிரியர் (ஓய்வு)
தோழி சரி. உன் படத்தில் சென்ட்ரோமியரைப் பிளந்திருப்பாய். முதல் பகுப்பில் ஜோடிதான் பிரிகிறது, கட்டு அவிழ்வதில்லை. மொத்தம் 16, துருவத்துக்கு 8, ஒவ்வொன்றும் இன்னும் இரட்டைக் குரோமாட்டிடோடு. இரண்டாம் பகுப்பில்தான் கட்டு அவிழும். அப்போது 8 உள்ள செல்லில் கொஞ்ச நேரம் 16 இருக்கும்.

பாலக்கோடு மாணவி
ஆமாம் சார், பிளந்திருக்கிறேன். டீலோஃபேஸ் கேட்டால்? சுவர் வராதவரை 32 என்றா, உட்கருவுக்கு 16 என்றா?

அரூர் ஆசிரியர் (ஓய்வு)
அதில் திருத்துபவர்களே ஒத்துப்போவதில்லை. இரண்டையும் எழுது: “உட்கருவுக்கு 16, செல் பிரியும்வரை மொத்தம் 32.” இப்போது போய்ச் சாப்பிடு.