தனி டொமைனிலிருந்து அனுப்பியும் முதன்மை டொமைன் பாதிக்கப்படுமா?

வணக்கம். அறிமுகமில்லாதவர்களுக்கு விற்பனை மின்னஞ்சல் அனுப்புவதற்கென்றே தனி டொமைன் வாங்கி, அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை அமைத்து, நாளுக்கு 10 மின்னஞ்சலில் தொடங்கி 3 வாரங்களில் 40 வரை உயர்த்தினோம். முதன்மை டொமைனிலிருந்து செல்லும் இன்வாய்ஸ்கள் ஸ்பேமில் விழக்கூடாது என்பதே நோக்கம்.

ஆனால் சென்ற வாரம், நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் இன்வாய்ஸ் ஸ்பேமில் கிடந்ததாகத் தெரிவித்தார். தேடிப் பார்த்தபோது, விற்பனை மின்னஞ்சல் ஒவ்வொன்றின் கையொப்பத்திலும் முதன்மை இணையதளத்தின் இணைப்பு இருந்தது. அனுப்பும் டொமைன் வேறாக இருந்தாலும், உள்ளே உள்ள இணைப்புகளின் டொமைனையும் ஸ்பேம் வடிகட்டிகள் கவனிக்கக்கூடும் என்பதால், இதுவே காரணமோ என்று அஞ்சுகிறேன். அனுப்பும் எண்ணிக்கை குறைவென்பதால், டொமைனின் நற்பெயரைப் பார்க்க உதவும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் தரவு எதுவும் காட்டப்படவில்லை.

இணைப்பை நீக்கி வெறும் உரையாக அனுப்பினால் போதுமா, அல்லது தனி டொமைனிலேயே ஒரு பக்கம் அமைக்க வேண்டுமா? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள், முதன்மை டொமைன் மீள எவ்வளவு காலம் ஆனது என்பதையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.