55 அங்குல டிவி: மவுண்ட் பொருந்துது, சுவரில் பிளக் சுத்துது

கேள்வி
ஸ்டாண்ட் இல்லாமல் டிவி 17 கிலோ, முதுகில் துளைகளின் இடைவெளி 300 x 200 மி.மீ. வாங்கியது வெளியே இழுத்துத் திருப்பும் கை வைத்த மவுண்ட். பெட்டியில் 32 முதல் 55 அங்குலம், 400 x 400 வரை, 35 கிலோ என்று போட்டிருக்கு. சுவர் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். கூட வந்த பிளக்கைப் போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் இறுகாமல் சுத்திக்கிட்டே இருக்கு. எங்கே தப்பு?

பதில் 1
ஓட்டை பெருசாயிருக்கும். இரும்பு ஆங்கர் போல்ட் அடிச்சிடுங்க. 17 கிலோதானே, பாதி லோடுகூட இல்லை.

பதில் 2
ஓட்டை பெருசானது உண்மைதான். ஆனா இரும்பு ஆங்கர் வேண்டாங்க. அது விரிஞ்சு பிடிக்கிறது, ஏஏசி அந்த அழுத்தத்தில் உள்ளேயே நொறுங்கிடும். அந்த 35 கிலோ மவுண்டின் இரும்புக்கு. கான்கிரீட் அல்லது கெட்டியான செங்கல் சுவர்னு வச்சுத்தான் போடுவாங்க.

எடையைவிட, கை எவ்வளவு நீளுதுங்கிறதுதான் முக்கியம். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளின்னு வைங்க. டிவியை 50 செ.மீ. வெளியே இழுத்தா, 17 x 50 / 20, மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை சுமார் 42 கிலோ. 6 செ.மீ.யில் மடக்கி வச்சா அதே கணக்கில் 5 கிலோதான். கையோட சொந்த எடை வேற சேரும்.

ஏஏசிக்கென்றே வரும் நீள நைலான் பிளக் வாங்குங்க. டிரில்லில் ஹேமரை அணைச்சுட்டு ஓட்டை போடுங்க. ஹேமர் ஓடினா ஓட்டையோட விளிம்பு மாவா உதிரும். பூச்சு கனத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க, பிளக்கின் பிடி முழுக்க பிளாக்குக்குள்ள இருக்கணும். தூசியை ஊதி எடுத்துட்டு கையாலயே இறுக்குங்க.

பதில் 3
400 x 400 மவுண்டில் 300 x 200 டிவி எப்படி மாட்டும்? என் டிவியில் ஸ்க்ரூ முழுசா இறங்கியும் பிளேட் ஆடுது.

பதில் 2
400 x 400 அதிகபட்ச அளவுங்க. பெட்டியில் 300 x 200ம் இருக்கான்னு பாருங்க, இருந்தா மாட்டும். உங்க பிளேட் ஆடுறது வேற விஷயம்: டிவி முதுகில் துளை குழிஞ்சிருந்தா இடையில் பிளாஸ்டிக் ஸ்பேசர் வச்சு, அந்த அளவுக்கு நீளமான ஸ்க்ரூ போடணும். ஸ்பேசர் இல்லாம நீள ஸ்க்ரூ போட்டா பேனலைக் குத்திடும்.

கேட்டவர்
பழைய நாலு ஓட்டையும் உதிர்ந்துடுச்சு. சுவருக்குப் பின்னால் குளியலறை டைல்ஸ், அதனால ஊடுபோல்ட்டும் முடியாது. அதே ஓட்டையில் கெமிக்கல் ஆங்கர் ஊத்தலாமா?

பதில் 2
உதிர்ந்த ஓட்டையில் எவ்வளவு பிடிக்கும்னு பார்க்காம சொல்ல முடியாது. நானா இருந்தா பிளேட்டை மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தி, புது இடத்தில்தான் போடுவேன். கை நீட்டுற வசதி கட்டாயம் வேணுமாங்க?