கணக்கு சாப்ட்வேர் விற்க வெபினார் வைத்தவங்க அனுபவம் சொல்லுங்க

ஈரோட்டுக்காரன்: பில்லிங், கணக்கு சாப்ட்வேர் ஒண்ணை ஏஜென்டா விக்கறேனுங்க. போன மாசம் சின்ன ஜவுளி வியாபாரிகளுக்கு முதல் வெபினார் வச்சேன். பேஸ்புக் விளம்பரம் பார்த்து 140 பேர் பதிஞ்சாங்க. உள்ளே வந்தது 19, கடைசி வரைக்கும் இருந்தது 7. வாங்கினது ஒருத்தர், அவரும் எங்க மச்சானுக்கு வேண்டியவர். 19ஆம் தேதி காலை 11 மணிக்கு வச்சிருந்தேன். படிவத்துல பேரு, ஈமெயில், ஜிஎஸ்டி நம்பர், வருச டர்ன்ஓவர் எல்லாம் கேட்டிருந்தேன். எங்க கோட்டை விட்டேன்?

கல்லாப்பெட்டி: டர்ன்ஓவர் கேட்டா எவன் சார் பதிவான்? வரி ஆபீஸ்லருந்து கேக்கறாங்களோன்னு பயந்துடுவான். 140 பேர் வந்ததே ஆச்சரியம்.

மதுரை சேல்ஸ்: ஒன்பது வருசமா இதே வேலைதான் பார்க்கிறேன். உங்களுக்கு முதல்ல உதைச்சது தேதி. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். 19 காலைல கடைக்காரர் பில்லுக் கட்டைத் தூக்கிக்கிட்டு ஆடிட்டர் ஆபீஸ்ல நிப்பார், உங்க லிங்க்கை யார் தொடுவாங்க?

நான் 15 அல்லது 16, ராத்திரி 9 மணிக்கு வைப்பேன். சப்ளையர்கள் 11ஆம் தேதிக்குள்ள போட்ட விற்பனை ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-1 எல்லாம் சேர்ந்து, கடைக்காரர் கழிச்சுக்கக்கூடிய வரியோட பட்டியலா 14ஆம் தேதி 2பி வந்திருக்கும். அதை வச்சே ஆரம்பிப்பேன். "1,00,000 ரூபாய்க்குத் துணி வாங்கினீங்க, 5% வரி 5,000 கட்டிட்டீங்க. சப்ளையர் அந்தப் பில்லை ஏத்தலை. உங்க 2பி-ல அது இல்லை, இந்த மாசம் அந்த 5,000-ஐ நீங்க கழிக்க முடியாது." இதைச் சொல்லிட்டு, சாப்ட்வேர்ல அந்த ஒரு வரி சிவப்பா நிக்கறதைக் காட்டுவேன். ஸ்டாக், பார்கோடு எதையும் தொடமாட்டேன். மொத்தம் 35 நிமிசம்.

படிவத்துல பேரு, வாட்ஸ்அப் நம்பர், என்ன வியாபாரம், இந்த மூணுதான். முதல் நாள் "நாளைக்கு வர்றீங்களா? ஆம்னு அனுப்புங்க"ன்னு ஒரு மெசேஜ். அவர் பதில் போட்டுட்டா, வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ-ல 24 மணி நேரம், முன்னாடியே அனுமதி வாங்கின டெம்ப்ளேட் இல்லாம சகஜமாப் பேசலாம். ஆம் போட்டவங்கள்ல பெரும்பாலும் வந்துடறாங்க.

திருச்சி பாலா: 2023 ஏப்ரல்லருந்து, கணக்குல எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதியற ஆடிட் ட்ரெயில் கட்டாயம், பழைய சாப்ட்வேர் செல்லாதுன்னு முதல் ஸ்லைடுலயே போடுங்க. பயத்துல வாங்குவாங்க. எனக்கு வேலை செஞ்சுது.

மதுரை சேல்ஸ்: பாலா, அது கம்பெனிகளுக்கு. தனி ஆள் பேர்ல கடை வச்சிருக்கறவருக்கு அந்த விதி கிடையாது. அவரோட ஆடிட்டர் ஒரே போன்ல உங்களைக் கவுத்துடுவார்.

கணக்குப்பிள்ளை மகள்: நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். வெபினார் பார்த்துட்டு "இதை வாங்கலாமா மேடம்"னு எங்களைத்தான் கேப்பாங்க. எங்களுக்கு அந்த சாப்ட்வேர் தெரியலைன்னா, டேலிக்கு எடுத்துக்க முடியுமான்னுதான் பார்ப்போம். முடியாதுன்னா வேண்டாம்னு சொல்லிடுவோம். ஏரியாவுல நாலு ஆபீசுக்கு முன்னாடியே காட்டிவச்சுடுங்க. இன்னொண்ணு, எங்க கிளையன்ட்ல நிறைய பேர் மூணு மாசத்துக்கு ஒருக்காதான் ரிட்டர்ன் போடறாங்க. அவங்களுக்கு மாசாமாசம் 2பி பதட்டமெல்லாம் இல்லை.

மதுரை சேல்ஸ்: சரிதான் மேடம். அவங்களை ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரின்னு தனியாக் கூப்பிடறேன்.

மளிகை செல்வம்: வெபினார்னா யூடியூப் லைவா? நான் ஒண்ணுல கலந்துக்கிட்டு நம்பர் குடுத்தேன், பத்து நாளைக்கு ஏழு பேர் கூப்பிட்டாங்க. கடைல கூட்டம் நிக்கும்போது "சார் டெமோ பார்த்தீங்களா"ன்னு. பிளாக் பண்ணிட்டேன். எனக்கு வேண்டியது கடன் நோட்டு கணக்கு மட்டும்தான்.

மதுரை சேல்ஸ்: அண்ணே, நீங்க சொன்ன கடன் நோட்டுலதான் எங்க ஃபாலோ-அப்பே இருக்கு. ட்ரையல் வாங்கினவங்க ஏன் ஓடிப்போறாங்கன்னு ஒரு வருசம் புரியலை. போய்ப் பார்த்தா உள்ளே ஒரு பார்ட்டி பேர் கூட ஏத்தலை. 200 பேர் பாக்கியை யார் உட்கார்ந்து அடிப்பா? இப்ப வெபினார் முடிஞ்ச ராத்திரியே ஒரே மெசேஜ்தான்: "கடன் நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, நாளை சாயங்காலத்துக்குள்ள ஏத்தித் தர்றோம்." நோட்டை அனுப்பினவரைத்தான் கூப்பிடுவோம், அதுவும் மதியம் மூணு மணிக்கு, ஒரே ஆள். போன தடவை வந்த 44 பேர்ல 11 பேர் அனுப்பினாங்க, 6 பேர் பணம் கட்டினாங்க. அனுப்பாதவங்கள்ல யாரும் கட்டலை.

கல்லாப்பெட்டி: நோட்டை எப்படி சார் வெளி ஆளுக்கு அனுப்புவாங்க? நான் அனுப்பமாட்டேன்.

மதுரை சேல்ஸ்: பாதிப் பேர் அதேதான் சொல்றாங்க. அவங்க கடைக்கு ஆள் அனுப்பறேன். மதுரைக்குள்ள சரி, வெளியூருக்குக் கட்டுப்படியாகலை.

ஈரோட்டுக்காரன்: வர்ற 16 ராத்திரி வைக்கறேனுங்க. டர்ன்ஓவர் கேள்வியை எடுத்தாச்சு. வராதவங்களுக்கு ரெக்கார்டிங் அனுப்பலாமா?

திருச்சி பாலா: கண்டிப்பா அனுப்புங்க.

மதுரை சேல்ஸ்: நான் அனுப்பறதில்லை. அனுப்பினா அடுத்த தடவையும் "வீடியோ அனுப்பிடுங்க"ன்னுடுவாங்க. 2பி காட்டற நாலு நிமிசத்தை மட்டும் வெட்டி அனுப்பறேன்.