முடக்கப்பட்ட கணக்கை அழிப்பதற்கு முன், உள்ளே இருப்பதை எப்படி வாங்குவது?

தையல்_ஈஸ்ட்ஹாம்:
வணக்கம். லண்டனில் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரே கணக்கில்தான் படம் போடுவது, ஆர்டர் எடுப்பது எல்லாம். போன மாதம், வேறொருவர் பெயரில் நடிக்கிறேன் என்று சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். மேல்முறையீடு இரண்டு தடவை போட்டேன், இரண்டுக்கும் அதே வரிதான் பதிலாக வந்தது. இப்போது உள்ளே போனால் "கணக்கை நிரந்தரமாக அழி" என்ற பட்டன் மட்டும் வேலை செய்கிறது. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். ஆனால் பதினொரு பேருடைய அளவு அந்த மெசேஜ்களில் இருக்கிறது. முன்கழுத்து 7, பின்கழுத்து 9½, கை நீளம் 10 என்று அவரவர் எழுதி அனுப்பியது, வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. அதை மட்டுமாவது எடுக்க வழி இருக்கிறதா?

மணி_சேலம்:
செட்டிங்ஸில் `Download your information` இருக்குமே அக்கா, அதை அமுக்கினால் எல்லாம் வந்துவிடும், இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

தையல்_ஈஸ்ட்ஹாம்:
செட்டிங்ஸுக்கே போக முடியவில்லை தம்பி. முடக்கம் பற்றிய பக்கத்தைத் தாண்டி எதுவும் திறக்கவில்லை.

கீதா ரா:
எனக்கும் இதே பிரச்சினைதான். பழைய நம்பரை விட்டுவிட்டேன், ஓடிபி அந்த நம்பருக்கே போகிறது. சிம் கம்பெனியில் கேட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பழைய_கோப்பு:
கீதா, உங்களுடையது நுழைய முடியாத பிரச்சினை. அக்காவை அவர்களே வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். தனி இழை போடுங்கள், அங்கே பார்க்கலாம்.

அக்கா, முதலில் அந்த அழி பட்டனைத் தொடாதீர்கள். ஆறு வருடம் ஒரு நிறுவனத்தில், தங்கள் தரவைக் கேட்டு மக்கள் அனுப்பும் மனுக்களுக்குப் பதில் தயாரிக்கும் வேலை பார்த்தவன் நான். கேட்பவருக்குக் கிடைப்பது, மனு வந்த நேரத்தில் நிறுவனத்தின் கையில் இருப்பதுதான். முதலில் அழித்துவிட்டு அப்புறம் கேட்டால், "எங்களிடம் எதுவும் இல்லை" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். மனு போன பிறகு, கொடுக்கக் கூடாது என்பதற்காக அவர்கள் வேண்டுமென்றே அழித்தால் பிரிட்டனில் குற்றம். ஆனால் நீங்களே அழிக்கச் சொன்னால் யாரைக் குறை சொல்வது?

மணி சொன்ன பட்டன் தவறில்லை, பாதிதான். அது நிறுவனம் முன்கூட்டியே தேர்ந்து வைத்த தரவுக் கட்டு. உங்களுக்குச் சட்டப்படி இருக்கும் உரிமை அதைவிடப் பெரியது, அதற்கு உள்ளே நுழையவும் தேவையில்லை. அவர்களுடைய பிரைவசி பக்கத்தின் கடைசியில் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கான மின்னஞ்சலோ படிவமோ இருக்கும், அதற்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. கணக்கில் பதிந்த அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புவது முக்கியம், அடையாளம் கேட்டு இழுப்பது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

"என் தரவு எல்லாம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், வழக்கமான கட்டைத்தான் தள்ளிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: இரு பக்க மெசேஜ்களும் இணைப்புப் படங்களும், போட்ட படங்கள், உள்நுழைவுப் பதிவுகள் சாதனத்தோடும் ஐபி முகவரியோடும், கணக்கை முடக்கியபோது எழுதிய குறிப்புகள், அந்த முடிவை மனிதர் யாராவது பார்த்தார்களா முழுக்க இயந்திரமா. மனு கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம் கெடு. மார்ச் 3 கிடைத்தால் ஏப்ரல் 3. சிக்கலான மனு என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாம், ஆனால் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லியாக வேண்டும்.

அரவிந்த்_பெர்லின்:
யார் புகார் கொடுத்தார்கள் என்றும் கேட்டு வாங்கிவிடுங்கள் அக்கா, சட்டம் இருக்கிறதே!

பழைய_கோப்பு:
அது வராது அரவிந்த். புகார் கொடுத்தவரின் பெயர் அவருடைய தரவும் ஆகிவிடுகிறது, அநேகமாகக் கறுப்படித்துத்தான் தருவார்கள். மோசடியைக் கண்டுபிடிக்கும் முறையையும் விளக்க மாட்டார்கள். புகார் என்ன வகை, எப்போது வந்தது என்பது வரை முயன்று பார்க்கலாம்.

மணி_சேலம்:
இங்கே இந்தியாவிலும் 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, நாமும் இப்படிக் கேட்கலாம்தானே?

பழைய_கோப்பு:
சட்டம் 2023, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் நாம் பேசும் இந்த உரிமைக்கு விதிகள் வந்ததிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகுதான் அந்தப் பிரிவைக் காட்டிக் கேட்க முடியும்.

தையல்_ஈஸ்ட்ஹாம்:
(ஐந்து வாரம் கழித்து)
சொன்ன மாதிரியே எழுதினேன். 19 நாள் எந்தப் பதிலும் இல்லை. அப்புறம் பாஸ்போர்ட் படம் கேட்டார்கள். "பதிந்த மின்னஞ்சலிலிருந்துதான் எழுதுகிறேன், இன்னும் ஏன் சந்தேகம்" என்று கேட்டதும் விட்டுவிட்டார்கள். 30ஆம் நாள் இரண்டு ஜிப் கோப்பு வந்தது. படங்கள் இருக்கின்றன. ஆனால் மெசேஜ் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. "அளவு" என்று இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருக்கிறது:

```
\u00e0\u00ae\u0085\u00e0\u00ae\u00b3\u00e0\u00ae\u00b5\u00e0\u00af\u0081
```

கோப்பு கெட்டுவிட்டதா? பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

பழைய_கோப்பு:
கெடவில்லை அக்கா, அளவுகள் அப்படியே உள்ளே இருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கோப்பில் மூன்று பைட்டாக உட்காரும். அவர்கள் அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்து என்று நினைத்து எழுதிவிட்டார்கள், திரும்பச் சேர்த்தால் போதும். வீட்டில் பைதான் தெரிந்தவர் இருந்தால் இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```python
import json
d = json.load(open("message_1.json"))
for m in d["messages"]:
    print(m.get("content", "").encode("latin1").decode("utf8"))
```

உங்கள் கோப்பில் `messages`, `content` என்ற பெயர்கள் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

தையல்_ஈஸ்ட்ஹாம்:
மகன் ஓட்டினான், வந்துவிட்டது! பதினொன்றில் ஒன்பது பேர் அளவு கிடைத்தது. மற்ற இருவரும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியவர்கள், அந்தப் படங்கள் மட்டும் ஜிப் கோப்புகளில் இல்லை.

இன்னொன்று. உள்நுழைவுப் பட்டியலில் என்னிடம் இல்லாத ஒரு போன் இருக்கிறது. இரவு 1:40க்கு நுழைந்திருக்கிறது, ஆறு நிமிடத்தில் கணக்கின் பெயர் ஒரு பெரிய கடையின் பெயராக மாறியிருக்கிறது. மறுநாள்தான் முடக்கம். யாரோ நுழைந்து செய்த வேலை இது.

பழைய_கோப்பு:
அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் இருக்கும். கோடையில் லண்டனில் ஒரு மணி கூட்டினால் 2:40. மேல்முறையீட்டில் நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள், அந்த வரியையும் பெயர் மாறிய வரியையும் இணையுங்கள். விடுபட்ட இரண்டு படங்களுக்குத் தனியாக எழுதி, எந்த உரையாடல், எந்தத் தேதி என்று காட்டிக் கேளுங்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே புகார், அதற்கும் சரிவரவில்லை என்றால் பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஓ.விடம். ஆனால் ஐ.சி.ஓ. தரவு கொடுக்காததைத்தான் விசாரிக்கும், கணக்கைத் திருப்பித் தரச் சொல்லாது.

அரவிந்த்_பெர்லின்:
மேல்முறையீடு நடக்கும்போதே புதுக் கணக்கு தொடங்காதீர்கள் அக்கா. எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தடையை மீறியதாகச் சொல்லி அதையும் மூடிவிட்டார்கள்.

தையல்_ஈஸ்ட்ஹாம்:
தொடங்கவில்லை. மேல்முறையீடு நேற்று மூன்றாவது தடவை போட்டேன், இதுவரை ஒன்றும் வரவில்லை. அந்த இருவருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வீட்டுக்கே வந்து அளவு கொடுக்கிறார்கள்.